40க்கு 50 ஸ்டெப் ஷாஃப்ட், பேரிங் ஓரத்திலேயே உடைகிறது. ஈஎன்24 போட்டும் விரிசல்

அம்பத்தூர்_லேத்

வணக்கம். எஸ்டேட்டில் சின்ன ஜாப் ஷாப் நடத்துகிறேன். ஒரு வாடிக்கையாளரின் தூசி இழுக்கும் புளோயர் ஷாஃப்ட் என்னிடம் திரும்பத் திரும்ப வருகிறது. 15 கிலோவாட் மோட்டார், ஷாஃப்ட் ஓடுவது 720 ஆர்பிஎம், ஒரு முனையில் 200 மி.மீ. வி-பெல்ட் புல்லி பேரிங்கைத் தாண்டி வெளியே தொங்குகிறது. புல்லி நடுவிலிருந்து பேரிங் நடு வரை 120 மி.மீ. பேரிங் 6208, உட்காரும் இடம் 40, அதற்கு உள்பக்கம் 50க்கு ஸ்டெப். முதலில் ஈஎன்8. புது பெல்ட் போட்ட சில வாரத்தில் அந்த 40-50 சேரும் மூலையில் சுத்தமாக அறுத்த மாதிரி இரண்டு துண்டு. டிராயிங்கில் அந்த இடத்தில் ரேடியஸ் எதுவும் போடவில்லை, வெறும் கோடுதான்.

அடுத்தது ஈஎன்24 எடுத்து, ஹீட் ட்ரீட் செய்து, பேரிங் சீட்டை கிரைண்ட் பண்ணிக் கொடுத்தோம். இன்னும் உடையவில்லை. ஆனால் பேரிங் மாற்றக் கழற்றியபோது அந்த மூலையில் சந்தேகமாக இருந்ததால் டை பெனட்ரன்ட் அடித்துப் பார்த்தோம். சுற்றளவில் கால்வாசிக்குச் சிவப்புக் கோடு. வாடிக்கையாளர் இப்போது ஷாஃப்டை 45 ஆக்கு என்கிறார். பேரிங், பிளாக் எல்லாம் மாற்ற வேண்டும். வேறு வழி உண்டா?

மணலி_மெயின்டனன்ஸ்

பெல்ட் டைட். முடிந்தது கதை. எங்கள் யூனிட்டில் பாதி ஷாஃப்ட் உடைவது பெல்ட்டை கிடார் கம்பி மாதிரி இழுத்துக் கட்டுவதால்தான். பேரிங் சூடாகிறதா என்று கேளுங்கள்.

அம்பத்தூர்_லேத்

சூடாகிறது. கையை வைத்தால் உடனே எடுக்க வேண்டிய அளவுக்கு.

இறுதியாண்டு_மெக்

அண்ணா, நான் இதை மாடல் செய்து பார்த்தேன். மூலையில் முதலில் 260 மெகாபாஸ்கல் வந்தது, மெஷ்ஷைப் பாதியாக்கினேன், 350 வந்தது, இன்னும் பாதியாக்கினால் 470. ஈஎன்8 ஈல்டையே தாண்டிவிட்டது, அதனால்தான் உடைகிறது என்று நினைக்கிறேன்.

பாடி_டூல்ரூம்

தம்பி, மூலையில் ஈல்டைத் தாண்டினால் ஒன்றும் ஆகாது. ஈஎன்8 நன்றாக இழுபடும் உலோகம், அந்த இடம் மட்டும் துளி வளைந்து கொடுத்து அழுத்தத்தைப் பக்கத்துக்குப் பகிர்ந்துவிடும். அழுத்தக் குவிவு பற்றிக் கவலைப்பட வேண்டியது வார்ப்பிரும்புக்கும் கண்ணாடிக்கும்தான். காலேஜில் இதைத்தான் சொல்லிக் கொடுத்தார்கள்.

கிண்டி_டிசைனர்

பாடி சார் சொல்வது அசையாமல் நிற்கும் சுமைக்குச் சரி. ஒரு ஸ்டெப் கம்பியில் எடையைத் தொங்கவிட்டு விட்டுவிட்டால் மூலையை மறந்துவிடலாம். இது சுற்றுகிற ஷாஃப்ட். பெல்ட் இழுக்கும் திசை மாறாது, ஷாஃப்ட் திரும்புகிறது, அதனால் மூலையில் இருக்கும் ஒவ்வொரு புள்ளியும் ஒரு சுற்றுக்கு ஒரு தடவை இழுபட்டு ஒரு தடவை அமுங்குகிறது. 16 மணி நேரம் ஓடினால் ஒரு நாளைக்கு ஏறக்குறைய 7 லட்சம் தடவை. இரண்டு வாரத்தில் ஒரு கோடி. ஃபெட்டீக்கில் அந்த மூலைதான் எல்லாமே.

தம்பி, உங்கள் எண் மெஷ்ஷோடு ஏறிக்கொண்டே போவதற்குக் காரணம் நீங்கள் ரேடியஸே இல்லாமல் வரைந்திருக்கிறீர்கள். உள்மூலை ரேடியஸ் பூஜ்யம் என்றால் விடையே கிடையாது, பத்து மடங்கு பொடி மெஷ் போட்டால் இன்னும் பெரிய எண் வரும். ரேடியஸ் போட்டு வரையுங்கள், அந்த வளைவின் மேல் ஏழெட்டு எலிமென்ட்டாவது வரட்டும், அப்போது எண் ஒரு இடத்தில் நிற்கும்.

அம்பத்தூர் சார், இரண்டு விஷயம் வேண்டும். உடைந்த முகம் எப்படி இருந்தது? அப்புறம், ஃபினிஷிங் எந்த இன்சர்ட்டில்?

அம்பத்தூர்_லேத்

முகம்: ஓரம் முழுக்கச் சுற்றிலும் சின்னச் சின்னப் படி படியாக இருந்தது, அதற்கு உள்ளே வழவழ என்று, நடுவிலிருந்து கொஞ்சம் தள்ளி கட்டைவிரல் நகம் அளவுக்கு மட்டும் சொரசொர. இன்சர்ட் 160404. டிராயிங்கில் ரேடியஸ் இல்லை என்பதால் பையன் நேராக மூலைக்கு ஓட்டி மேலே ஏற்றிவிட்டான்.

கிண்டி_டிசைனர்

அப்படியானால் ஈஎன்8 ஷாஃப்டில் உங்கள் ரேடியஸ் 0.4. டிராயிங்கில் எதுவும் போடாவிட்டால் டூல் மூக்குதான் டிசைனர்.

அந்த முகம் நிறையச் சொல்கிறது. ஓரத்துப் படிகள் ஒவ்வொன்றும் இரண்டு தனித்தனி விரிசல் வந்து சேர்ந்த இடம். ஒரே நேரத்தில் சுற்றளவில் பல இடங்களில் விரிசல் தொடங்கியிருக்கிறது, அதாவது மூலை முழுக்கவே கூர்மை. கடைசியாகப் பிய்ந்த சொரசொரப் பகுதி சின்னதாக இருப்பதால் ஷாஃப்டின் மேல் பொதுவாக விழுந்த சுமை அப்படி ஒன்றும் பயங்கரம் இல்லை. முறுக்கில் உடைந்திருந்தால் 45 டிகிரியில் சுருண்டிருக்கும். இது சுத்தமான வளைவு.

கணக்குக்கு வருவோம். 15 கிலோவாட், 720 ஆர்பிஎம் என்றால் டார்க் 199 நியூட்டன் மீட்டர். 100 மி.மீ. ஆரத்தில் அது 2000 நியூட்டன் இழுப்பு. சரியாகக் கட்டிய வி-பெல்ட்டில் ஷாஃப்டைப் பக்கவாட்டில் இழுக்கும் மொத்த விசை அதைப்போல் ஒன்றரை மடங்கு வரும், 3000. பேரிங் கை வைக்க முடியாத அளவுக்குச் சூடு என்பதால் நான் 5000 என்று எடுத்துக்கொள்கிறேன், இது என் ஊகம். பேரிங் நடுவில் 600 நியூட்டன் மீட்டர் வளைவு, ஸ்டெப் அதற்கு 9 மி.மீ. உள்ளே இருப்பதால் கொஞ்சம் குறைந்து 590. 40 மி.மீ. விட்டத்துக்கு:

```
32 M / (π d³) = 32 × 590000 / (π × 40³) ≈ 94 MPa
```

மூலையே இல்லாவிட்டால் 94 என்பது ஈஎன்8க்குத் தூசு. 0.4 ரேடியஸுக்கு இந்த ஸ்டெப்பில் அழுத்தக் குவிவு 2.7 மடங்கு வரும். ஆனால் ரேடியஸ் இவ்வளவு சின்னதாக இருக்கும்போது ஃபெட்டீக்கில் உலோகம் அந்த 2.7ஐ முழுசாக உணர்வதில்லை, 650 மெகாபாஸ்கல் வலிமை உள்ள ஈஎன்8க்கு அது 2.1 அளவில்தான் படும். 94 × 2.1, ஏறக்குறைய 197. கடைந்த பரப்பு, 40 மி.மீ. அளவு இரண்டையும் கழித்தால் ஈஎன்8இன் தாங்கும் எல்லை சராசரியில் 220, நூற்றுக்கு ஒரு ஷாஃப்ட் மட்டும் உடையலாம் என்று கணக்குப் போட்டால் 180. நீங்கள் சரியாக அந்த இடைவெளிக்குள் உட்கார்ந்திருக்கிறீர்கள். ஒரு ஷாஃப்ட் வருஷக்கணக்கில் ஓடும், அடுத்தது சில வாரத்தில் போகும்.

மணலி_மெயின்டனன்ஸ்

5000ஐ 3000 ஆக்கினால் 94 என்பது 56 ஆகிவிடும். உங்கள் ரேடியஸ் வேலை எதுவும் இவ்வளவு இறக்காது. நான் முதல் வரியில் சொன்னதுதான்.

கிண்டி_டிசைனர்

ஒத்துக்கொள்கிறேன், இறக்கத்தில் பெரியது அதுதான். ஆனால் அந்த பெல்ட் வழுக்கிச் சத்தம் போட்டால் இரவு ஷிப்டில் யாரோ ஸ்பேனரை எடுத்துக்கொண்டு போவார். அதையும் ஷாஃப்ட் தாங்க வேண்டும் என்பது என் பக்கம்.

பாடி_டூல்ரூம்

சரி, ஃபெட்டீக் என்றே வைத்துக்கொள்வோம். ஈஎன்24 ஒன்றரை மடங்கு வலிமை. அது ஏன் விரிசல் விட்டது?

கிண்டி_டிசைனர்

நிறைய பேர் இங்கேதான் காசைக் கொட்டுகிறார்கள். 1000 மெகாபாஸ்கல் வலிமைக்கு ஹீட் ட்ரீட் செய்த ஈஎன்24 கூர்மையான மூலைக்கு அதிகமாக முகம் சுளிக்கும். அதே 0.4 ரேடியஸில் ஈஎன்8 உணர்ந்தது 2.1, இது உணர்வது 2.38. கடைந்த பரப்பின் கோடுகளும் வலிமையான எஃகை அதிகம் பாதிக்கும். இரண்டையும் சேர்த்தால் மூலையில் 224, தாங்கும் எல்லை சராசரி 300. ஈஎன்8இல் எல்லைக்கும் சுமைக்கும் விகிதம் 1.12, இங்கே 1.34. வலிமைக்கு 54 சதவீதம் கூடுதலாகக் கொடுத்து, மூலையில் கிடைத்தது 20 சதவீதம்.

இந்தக் கணக்குப்படி சராசரி ஈஎன்24 தாங்கியிருக்க வேண்டும். விரிசல் வந்திருக்கிறது என்றால் கிரைண்டிங்கில்தான் எனக்குச் சந்தேகம். வீலின் மூலையை ரேடியஸ் டிரஸ் செய்யாமல் ஷோல்டர் வரை ஓட்டினார்களா?

அம்பத்தூர்_லேத்

கிரைண்டிங் வெளியே கொடுத்தோம். அவர்கள் ஷோல்டரை முட்டும் வரை ஓட்டியிருக்கிறார்கள். லென்ஸ் வைத்துப் பார்த்தால் ஷோல்டர் அடியில் ஒரு பொடி வரி, நகம் மாட்டுகிறது. பக்கத்தில் லேசாக வைக்கோல் நிறம்.

கிண்டி_டிசைனர்

நகம் மாட்டினால் அங்கே ரேடியஸ் என்று ஒன்றே இல்லை. வைக்கோல் நிறம் வீல் சுட்ட அடையாளமாக இருக்கலாம், சுட்ட தோலில் இழுவிசை தங்கிவிடும். இரண்டில் எது முதல் காரணம் என்று துண்டு போட்டுப் பார்க்காமல் சொல்ல மாட்டேன்.

திருமழிசை_மோட்டார்

எங்களுக்கும் இதே மாதிரி. 40 சீட் தேய்ந்துபோன மோட்டார் ஷாஃப்டை வெல்டிங் போட்டு நிரப்பி மறுபடி கடைந்து கொடுத்தோம், ஸ்டெப் ஓரத்தில் படக்கென்று போய்விட்டது. எந்த எலக்ட்ரோடு போட்டால் நிற்கும்?

பழைய_பட்டறை

தம்பி, அது வேறு வியாதி. சுற்றுகிற ஷாஃப்டின் ஸ்டெப் மூலையில் வெல்டிங் முடிகிற இடத்தைக் கொண்டு வந்து வைத்தால் எந்த எலக்ட்ரோடும் நிற்காது. சூட்டில் கெட்டியான வளையமும் மூலையும் ஒரே கோட்டில் விழுந்துவிடும். புது ஷாஃப்ட் போடு, இல்லையென்றால் மெட்டல் ஸ்ப்ரே பண்ணு, அதையும் மூலைக்கு முன்னாலேயே நிறுத்து.

பேரிங் மூலை விஷயம் ரொம்பப் பழசு. 1842இல் பிரான்சில் வெர்சாய் பக்கம் ரயில் ஆக்ஸில் உடைந்து பெரிய விபத்து நடந்தது. அதை ஒட்டி ரேங்கின் என்கிற ஸ்காட்லாந்துக்காரர் உடைந்த ஆக்ஸில்களை ஆராய்ந்து, ஜர்னலும் தோளும் சேரும் இடத்தைக் கூராக வெட்டாமல் வளைவாக விடுங்கள் என்று எழுதினார். நான் ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் இருந்தபோது ஆக்ஸில் டிராயிங்கில் எங்கள் சார்ஜ்மேன் முதலில் விரலை வைக்கும் இடம் அந்த ரேடியஸ்தான்.

திருமுடிவாக்கம்_சிஎன்சி

ரேடியஸ் போடுவது சிஎன்சியில் ஒரு வரி வேலை, இதற்கு ஏன் இவ்வளவு பேச்சு. டூல் மூக்கு காம்பன்சேஷனை ஆன் பண்ணிவிட்டு:

```
G42 G01 X40.0 Z0
Z-17.0
G02 X42.0 Z-18.0 R1.0
G01 X50.0
```

கிரைண்டிங் அலவன்ஸ் வேண்டும் என்றால் எக்ஸைக் கூட்டிக்கொள்ளுங்கள். பெரிதாக ஆர்3, ஆர்4 போட்டுவிடுங்கள், பிரச்சினை தீர்ந்தது.

கிண்டி_டிசைனர்

ஆர்4 போட்டால் 6208 எங்கே உட்காரும்? அந்த பேரிங்கின் உள்வளைய மூலை 1.1 மி.மீ.தான். ஷாஃப்டில் அதிகபட்சம் ஆர்1. அதற்கு மேல் போனால் வளையம் ஷோல்டரைத் தொடாமல் வளைவின் மேல் ஏறி உட்காரும், கொஞ்ச நாளில் கோணலாகிவிடும். அழுத்தி ஏற்றியபின் ஷோல்டருக்கும் வளையத்துக்கும் நடுவில் ஃபீலர் கேஜின் மிக மெல்லிய இலையை விட்டுப் பாருங்கள், நுழைந்தால் உட்காரவில்லை.

இன்னொன்று, இது பலருக்குப் பிடிக்காது: 0.4ஐ ஆர்1 ஆக்கினால் மட்டும் ஈஎன்8இல் பெரிய லாபம் கிடையாது. குவிவு 2.7இலிருந்து 2.2க்கு இறங்கும், ஆனால் ஆர்1ஐ உலோகம் கிட்டத்தட்ட முழுசாக உணர்ந்துவிடும், படுவது 2.0. வெறும் ஐந்து சதவீதம். கீறலும் கிழிசலும் இல்லாமல் மூலை சுத்தமாக வருமே, அந்த லாபம் கணக்கில் தெரியாது. ஷோல்டரை 50இலிருந்து 47க்கு இறக்கலாமா என்று கேட்பார்கள், 6208க்கு 47 போதும், ஆனால் குவிவு அதில் அசையவே அசையாது.

அம்பத்தூர்_லேத்

அப்படியானால் ஆர்1க்கு மேல் போக முடியாது, ஆர்1இல் லாபமும் இல்லை. 45 ஷாஃப்ட்தானா?

கிண்டி_டிசைனர்

இல்லை. ஷோல்டரை 8 மி.மீ. உள்ளே தள்ளிவிட்டு அங்கே ஆர்3 போடுங்கள், பேரிங் இருந்த இடத்திலேயே இருக்கட்டும். நடுவில் 8 மி.மீ. தடிப்பில் ஒரு வளையம். அதன் ஷோல்டர் பக்க உள்மூலையில் 3.5 × 45 டிகிரி சாம்ஃபர், பேரிங் பக்கம் சும்மா கூர் எடுத்தால் போதும். வளையம் வளைவைத் தொடாமல் ஷோல்டரில் உட்காரும், பேரிங் வளையத்தில் உட்காரும். ஆர்3க்குக் குவிவு 1.7 அளவில், உலோகம் உணர்வதும் ஏறக்குறைய அதே. 94 × 1.68, 158. ஈஎன்8இலேயே சராசரி எல்லைக்கு விகிதம் 1.39. கூர்மூலை ஈஎன்24இல் நீங்கள் காசு கொடுத்து வாங்கியதை விட அதிகம்.

வளையத்தின் இரண்டு முகமும் ஒன்றுக்கொன்று இணையாக இருக்க வேண்டும், ஒரே பிடிப்பில் கடைய முடியாவிட்டால் சர்ஃபேஸ் கிரைண்ட் பண்ணுங்கள். இதில் சோம்பல் பட்டால் பேரிங் போகும்.

திருமுடிவாக்கம்_சிஎன்சி

வளையம் ஷோல்டரில் தொடுவது 47இலிருந்து 50 வரைதானே, பக்கத்துக்கு 1.5 மி.மீ. போதுமா?

கிண்டி_டிசைனர்

நல்ல கேள்வி. இந்த புளோயரில் அச்சுவாக்கில் வரும் சுமை குறைவு, கெட்டிப்படுத்திய வளையம் போட்டால் தாங்கும். மனசு கேட்கவில்லை என்றால் ஷோல்டரை 55 ஆக்குங்கள், குவிவு துளி ஏறும், பொருட்படுத்த வேண்டாம்.

திருமுடிவாக்கம்_சிஎன்சி

வளையமே வேண்டாம், குரூவிங் டூலால் மூலையில் அண்டர்கட் போட்டுக் கொடுக்கிறோமே பலருக்கு?

பழைய_பட்டறை

எந்தப் பக்கம் வெட்டுகிறாய் என்பதைப் பொறுத்து. ஷோல்டர் முகத்துக்குள் மட்டும் வளைவைக் குடைந்து, 40ஐ அப்படியே விட்டால் அது உண்மையிலேயே நல்ல வழி, பேரிங்கும் உட்காரும், ரேடியஸும் 2 வரை கிடைக்கும். நீங்கள் கிரைண்டிங் வீல் தப்பிக்கப் போடும் பள்ளம் 40ஐக் கீழே வெட்டும். 39 ஆகிவிட்டால் அதிலேயே அழுத்தம் எட்டு சதவீதம் ஏறும், பள்ளத்தின் அடி கூராக இருந்தால் உடையும் இடத்தை நாமே குறித்துக் கொடுத்த மாதிரி.

அப்புறம் ஒன்று. வளைவை எமரி போட்டு மினுக்கும்போது லேத் சுற்றச் சுற்றவே தேய்த்து விட்டுவிடாதீர்கள். அந்தக் கீறல்கள் எல்லாம் சுற்றுவாக்கில் விழும், விரிசலும் அதே வாக்கில்தான் தொடங்கும். கடைசித் தேய்ப்பு மெஷினை நிறுத்திவிட்டு, நீளவாக்கில்.

பாடி_டூல்ரூம்

மினுக்குவதை விட வளைவை ரோலர் வைத்து அழுத்தி உருட்டலாம். கிராங்க்‌ஷாஃப்டில் செய்கிறார்களே. தோலில் அமுக்கு விசை தங்கும், விரிசல் திறக்காது.

கிண்டி_டிசைனர்

அது சரியான யோசனை சார். ஆனால் உருட்டியபின் அந்த வளைவில் கிரைண்டிங் வீல் படக்கூடாது, சூடும் காட்டக்கூடாது, இரண்டும் செய்தால் போட்டது வீண். ஒன்றிரண்டு ஷாஃப்டுக்கு ரோலர் டூல் செய்வது கட்டுப்படியாகுமா என்பது வேறு கேள்வி.

இறுதியாண்டு_மெக்

ஆர்1 போட்டு மறுபடி ஓட்டினேன். 205இல் நிற்கிறது, மெஷ்ஷைப் பொடியாக்கினாலும் நகரவில்லை. 94 × 2.2க்குப் பக்கத்தில் வருகிறது. ஆனால் நான் பேரிங் உள்வளையம் அழுத்தமாக ஏறியதைச் சேர்க்கவில்லை. அதைச் சேர்த்தால் மூலையில் கூடுமா குறையுமா?

கிண்டி_டிசைனர்

மூலையில் பெரிய மாற்றம் வராது. வளையத்தின் மறு ஓரம், புல்லி பக்கம், அங்கே தனியாக ஒரு குவிவு வரும், உரசலும் சேரும். மூலையைச் சரிசெய்தபின் அடுத்த விரிசல் அங்கே வர வாய்ப்பு உண்டு. பேரிங் கழற்றும்போது அந்த ஓரத்தில் சிவந்த துருப்பொடி இருந்ததா என்று அம்பத்தூர் சார் பார்த்தாரா?

அம்பத்தூர்_லேத்

பொடி இருந்தது, கிரீஸ் கெட்டுப்போனது என்று துடைத்துவிட்டார்கள். வளையம் போட்டு ஆர்3, ஈஎன்8இலேயே ஒன்று கடைகிறேன், கிரைண்டிங் வீலை ஷோல்டர் பக்கமே விட வேண்டாம் என்று எழுதிக் கொடுக்கிறேன். பெல்ட் இழுப்பை யார் அளப்பது என்பதுதான் தெரியவில்லை. வாடிக்கையாளரிடம் டென்ஷன் கேஜ் இல்லை.

மணலி_மெயின்டனன்ஸ்

ஸ்ப்ரிங் தராசு போதும். இரண்டு புல்லிக்கும் நடுவில் பெல்ட்டை நெட்டுக்குத்தாக இழுங்கள், புல்லி இடைவெளியில் ஒவ்வொரு மீட்டருக்கும் 16 மி.மீ. வீதம் வளைய எத்தனை கிலோ ஆகிறது என்று பார்த்து, பெல்ட் கம்பெனி அட்டவணையோடு ஒப்பிடுங்கள். உங்கள் பெல்ட் பி-யா, எஸ்பிபி-யா? இரண்டுக்கும் எண் வேறு.